முட்டை ஆகாத குழந்தை: காப்பகத்துக்கு ஒரு தாய் எழுத வேண்டிய கடிதம்

“பாப்பாவுக்கு முட்டை ஆகாது. கொடுக்க வேண்டாம்.”

அங்கன்வாடிக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் தாய்மார் எழுதிக் கொடுக்கும் சீட்டு பெரும்பாலும் இந்த இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படிக்கும் ஆயாம்மா என்ன செய்வார்? வேகவைத்த முட்டையை அந்தக் குழந்தையின் தட்டில் வைக்க மாட்டார். அதே சமயம், பத்துப் பிள்ளைகளுக்கு முட்டை உரித்த கையோடு இந்தப் பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிடக்கூடும். இன்னொரு குழந்தையின் பிறந்தநாளுக்கு வந்த கேக்கில் ஒரு துண்டு கொடுக்கக்கூடும். உதடு வீங்கினால், தாயைப் போனில் பிடிக்க முயன்றபடியே கால் மணி நேரம் காத்திருக்கவும்கூடும். அவருக்கு அக்கறை இல்லாமல் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பது அந்தச் சீட்டில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நல்ல கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் பின்னால் உள்ள அறிவியல் என்ன என்று பார்ப்போம். ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். விருதுநகரை ஒட்டியுள்ள சூலக்கரையில் ஒரு தாய். காலையில் கம்பெனி வண்டி ஏறி பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். மகளுக்கு இரண்டரை வயது, எடை 12 கிலோ. பகலில் அவள் இருப்பது அங்கன்வாடியில். ஊர்க்காரர்கள் வாயில் அது பால்வாடி.

முதல் பத்தி: என்ன நடந்தது?

“டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும் வணக்கம். பாப்பாவுக்கு ஒரு வயது ஆகும்போது ஆம்லெட் கொஞ்சம் ஊட்டினோம். பத்து நிமிடத்துக்குள் வாயைச் சுற்றித் தடித்தது. கண் இமை வீங்கியது. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். டாக்டர் தோலில் சோதனை செய்து முட்டை அலர்ஜி என்று சொன்னார். அவர் எழுதிய சீட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.”

சாப்பிட்ட பொருள், அளவு, எத்தனை நிமிடம் கழித்து, உடம்பில் எங்கெங்கே என்ற நான்கும் இந்தப் பத்தியில் வந்துவிட்டன. முட்டை அலர்ஜியைக் கண்டுபிடிப்பதில் மருத்துவர் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்.

அலர்ஜி என்பது நம் நோய் எதிர்ப்பு அமைப்பு ஆளை மாற்றி அடையாளம் காண்பதால் வருவது. முட்டைப் புரதம் உடம்புக்கு உணவு. சில குழந்தைகளின் உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொண்டு, அதற்கென்றே ஐ.ஜி.ஈ. என்ற எதிர்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. தோலிலும் குடலிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் இந்த எதிர்பொருள் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அடுத்த முறை அந்தப் புரதம் வந்து அதைத் தொட்டதும், மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் முதலான பொருள்களை ஒரேயடியாக வெளியே கொட்டிவிடுகின்றன. தோலில் கொட்டினால் தடிப்பும் வீக்கமும். குடலில் கொட்டினால் வாந்தியும் வயிற்று வலியும். மூச்சுக்குழாயில் கொட்டினால் இழுப்பு. எல்லாம் தயார் நிலையில் இருப்பதால்தான் சில நிமிடங்களில் தொடங்கிவிடுகிறது. அதிகம் போனால் இரண்டு மணி நேரம்.

முதல் தடவை முட்டை கொடுத்தபோதே எப்படி வந்தது என்று பெற்றோர் குழம்புவதுண்டு. கைக்குழந்தைப் பருவத்தில் தோலில் கரப்பான் இருந்த குழந்தைகளுக்கு இந்த அலர்ஜி வரும் வாய்ப்பு அதிகம். வெடித்த தோல் வழியே வீட்டில் உள்ள முட்டைப் புரதம் மிக நுண்ணிய அளவில் உள்ளே போய், வாயால் உண்பதற்கு முன்பே உடம்பைப் பகைக்குப் பழக்கிவிடக்கூடும்.

தோல் சோதனையின் கதை நூறாண்டைத் தாண்டியது. நியூயார்க்கைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஆஸ்கர் ஷ்லாஸ் 1912-இல் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். முட்டை, பாதாம், ஓட்ஸ் மூன்றும் அவனுக்கு ஆகாது. தோலை லேசாகக் கீறி, அந்தந்த உணவின் சாற்றை வைத்துப் பார்த்து அதை அவர் உறுதி செய்தார். இன்றைய ஊசிமுனைச் சோதனையும் அடிப்படையில் அதுவே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனையில் தடிப்பு வருவது மட்டுமே அலர்ஜி ஆகிவிடாது. முட்டையைத் தொல்லையில்லாமல் தின்று வரும் குழந்தைக்கும் சோதனையில் தடிப்பு வரலாம். உண்டபின் நடந்ததும் சோதனை முடிவும் ஒத்துப்போக வேண்டும். அதனால்தான் டாக்டர் சீட்டை இணைக்கச் சொல்கிறோம். காரணமில்லாமல் முட்டையை நிறுத்துவதும் குழந்தைக்கு நட்டமே.

இரண்டாம் பத்தி: எந்த வடிவிலும்

“அவித்தது, பொரித்தது, பச்சை, கேக், பிஸ்கட் எதிலும் முட்டை வேண்டாம். மஞ்சள் கரு மட்டும் என்றாலும் வேண்டாம். நாட்டுக்கோழி முட்டை, காடை முட்டை, வாத்து முட்டையும் ஆகாது. கோழிக்கறி சாப்பிடுவாள், அதனால் ஒன்றும் செய்வதில்லை.”

கடிதத்தில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது. “நல்லா வேகவெச்சுட்டா ஒண்ணும் பண்ணாது” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மைதான் ஆபத்து.

வெள்ளைக் கருவில் உள்ள புரதத்தில் பாதிக்கு மேல் ஓவல்புமின். பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஓவோமியூகாய்டு. இரண்டும் அலர்ஜியைத் தூண்டுபவை. ஐ.ஜி.ஈ. எதிர்பொருள் புரதத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் மடிப்பு வடிவத்தை வைத்து. மடித்து வைத்த சேலையை உதறினால் மடிப்பு கலைவது போல, சூடு பட்டதும் ஓவல்புமின் தன் வடிவத்தை இழக்கிறது. அதன் வடிவத்துக்கென்று உருவான எதிர்பொருளுக்கு இப்போது ஆள் அடையாளம் தெரிவதில்லை. ஓவோமியூகாய்டோ மடிப்புகளிலேயே ஒன்பது இடத்தில் தையல் போட்ட சேலை. கந்தக அணுக்கள் சேர்ந்த ஒன்பது பிணைப்புகள் அதன் வடிவத்தை இழுத்துப் பிடித்திருக்கின்றன. கொதிக்கும் நீரில் கால் மணி நேரம் கிடந்தாலும் அதன் வடிவம் பெரும்பாலும் குலைவதில்லை. வயிற்றில் உள்ள செரிமான நொதிகளுக்கும் அது எளிதில் பணிவதில்லை.

எனவே ஓவல்புமினுக்கு மட்டும் அலர்ஜி உள்ள குழந்தை பச்சை முட்டைக்கும் அரைவேக்காட்டு ஆம்லெட்டுக்கும் தடிக்கும். நன்றாக வெந்ததைத் தாங்கிக்கொள்ளக்கூடும். ஓவோமியூகாய்டுக்கு அலர்ஜி உள்ள குழந்தைக்கு எத்தனை வேகவைத்தாலும் பயன் குறைவு. வெளியிலிருந்து பார்த்து எந்தக் குழந்தை எந்த வகை என்று சொல்ல முடியாது.

கேக்கின் கதை இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறது. முட்டை அலர்ஜி உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர், ஏறத்தாழ 70 சதவீதம் பேர், மாவோடு சேர்த்து நன்றாக பேக் செய்த முட்டையைத் தாங்கிக்கொள்கிறார்கள். கோதுமை மாவின் புரதம் சூட்டில் முட்டைப் புரதத்தோடு பின்னிக்கொண்டு, அதைக் கரையாத கட்டிக்குள் பூட்டிவிடுகிறது. ஓவோமியூகாய்டிலும் ஒரு பகுதி அதற்குள் சிக்கிவிடும். மருத்துவமனையில் இதைச் சோதிக்க, மூன்றில் ஒரு பங்கு முட்டை சேர்ந்த சிறு கேக்கை 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரம் பேக் செய்து, சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். பக்கத்திலேயே ஊசி மருந்தும் மருத்துவரும் தயாராக இருப்பார்கள்.

“போன வாரம் கேக் தின்னாளே, ஒண்ணும் ஆகலையே. அப்புறம் அவிச்ச முட்டைக்கு என்ன?” என்ற கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. கேக்கைத் தாங்கும் குழந்தை அவித்த முட்டையையும் தாங்கும் என்று எந்த உறுதியும் இல்லை. அவித்த முட்டையில் மாவு இல்லை. புரதத்தைப் பூட்டி வைக்க எதுவும் இல்லை. அளவும் அதிகம். மெல்லிய கேக் துண்டில் முட்டைப் புரதம் ஒரு கிராமுக்கும் குறைவாக இருக்கலாம். ஒரு முழு முட்டையில் சுமார் 6 கிராம். கேக்கிலும் எல்லாம் ஒன்றல்ல. நடுவில் ஈரம் இருக்கும் கேக்கில் வேக்காடு போதாது. மேலே பூசிய கிரீமில் பச்சை வெள்ளைக் கரு அடித்துச் சேர்த்திருக்கலாம். கேக் தரலாம் என்று மருத்துவர் சோதித்துச் சொல்லியிருந்தால், கடிதத்தில் அதைத் தனி வரியாக எழுதி, “நான் கொடுத்தனுப்புவதை மட்டும் கொடுங்கள்” என்று சேர்க்க வேண்டும். சோதிக்காவிட்டால் அதை அங்கன்வாடியில் சோதித்துப் பார்க்கக் கூடாது.

மஞ்சள் கரு மட்டும் கொடுக்கலாமே என்பது இன்னொரு பழக்கம். அலர்ஜியைத் தூண்டும் முக்கியப் புரதங்கள் வெள்ளைக் கருவில் இருப்பது உண்மை. ஆனால் மஞ்சள் கருவின் மேல் வெள்ளைக் கருவின் படலம் ஒட்டாமல் யாராலும் பிரிக்க முடியாது. நாட்டுக்கோழி முட்டையில் உள்ளதும் பண்ணைக்கோழி முட்டையில் உள்ளதும் ஒரே புரதங்கள். காடை, வாத்து முட்டைகளின் புரதம் கோழியினுடையதை ஒத்திருப்பதால் எதிர்பொருள் அவற்றையும் பிடித்துக்கொள்ளும். கோழிக்கறியின் புரதங்கள் வேறு. அதனால் முட்டை ஆகாத குழந்தைகளில் பெரும்பாலோர் கறியைத் தின்னலாம். ஏற்கெனவே தின்று பழகிய குழந்தைக்கு அதை நிறுத்த வேண்டியதில்லை.

மூன்றாம் பத்தி: கை, தட்டு, தின்பண்டம்

“முட்டை போடும் நாளில் பாப்பாவுக்கு முதலில் ஊட்டிவிடுங்கள். அவள் தட்டும் டம்ளரும் கரண்டியும் நான் தந்த பையில் இருக்கின்றன. முட்டை உரித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அவளைத் தொடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் சாப்பிட்டதும் கையும் வாயும் கழுவிவிடுங்கள். வெளியிலிருந்து வரும் தின்பண்டம் எதுவும் வேண்டாம். அவளுக்கானதை டப்பாவில் கொடுத்தனுப்புகிறேன்.”

தமிழக அங்கன்வாடிகளில் 2 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் மதியச் சோற்றோடு வேகவைத்த முட்டை உண்டு. எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1989-இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. ஏழைக் குழந்தைகளுக்குப் புரதம் சேர்த்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு குழந்தைக்கு ஆகாது என்பதற்காக மற்றக் குழந்தைகளின் முட்டையை நிறுத்தச் சொல்வது நியாயம் ஆகாது. தேவையும் இல்லை.

காரணம், முட்டை பக்கத்தில் இருப்பதால் ஆபத்து வருவதில்லை. அடுத்த குழந்தை முட்டை தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது. தோலில் பட்டால் பட்ட இடம் தடிக்கலாம். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். வாய்க்குள் போனால்தான் பெரிய எதிர்வினை. இரண்டரை வயதுக் குழந்தைகளின் கை எப்போதும் வாயில்தான். முட்டை தின்ற கையால் ஒரு குழந்தை எடுத்த பொம்மையை அடுத்த குழந்தை வாயில் வைக்கிறது. ஆகவே வழியை அடைத்தால் போதும், முட்டையை ஒழிக்க வேண்டாம். அந்த வழியை அடைப்பது சோப்பும் தண்ணீரும். கிருமிநாசினித் திரவத்தைக் கையில் தேய்த்தால் கிருமி சாகும். புரதம் கையிலேயே இருக்கும். வெறும் தண்ணீரில் கழுவுவதும் ஈரத்துணியால் லேசாகத் துடைப்பதும் போதா. முதலில் ஊட்டச் சொல்வதும் இதற்காகவே. சமையலம்மாவின் கை முட்டையைத் தொடுவதற்கு முன்பே இந்தக் குழந்தை சாப்பிட்டு முடித்திருக்கும்.

அடுத்தது தின்பண்டம். பொட்டலத்தில் வருவதைப் பொறுத்தவரை, நம் நாட்டுத் தாய்க்கு ஒரு வசதி இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி முட்டை சேர்ந்த உணவு அசைவம். எனவே சதுரத்துக்குள் பச்சை வட்டம் போட்ட பொட்டலத்தில் முட்டை ஒரு சேர்மானமாக இருக்கக் கூடாது. அசைவக் குறி முன்பு பழுப்பு வட்டமாக இருந்தது. இப்போது சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஆயாம்மாவும் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இதோடு, முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை போன்ற அலர்ஜிப் பொருள்கள் இருந்தால் அவற்றைத் தனியே அச்சிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகள் சொல்கின்றன. பச்சை வட்டத்துக்கும் எல்லை உண்டு. அது சேர்மானத்தைப் பற்றித்தான் சொல்கிறது. அதே எந்திரத்தில் முன்பு ஓடிய முட்டைப் பிஸ்கட்டின் மிச்சம் ஒட்டியிருக்கலாம் என்பதை அது சொல்வதில்லை. “முட்டையின் தடம் இருக்கலாம்” என்று அச்சிட்டிருந்தால் வாங்காமல் விடுவதே நல்லது.

லேபிளே இல்லாத இடம் பேக்கரி. பன்னும் பப்ஸும் மேலே பளபளவென்று இருப்பதற்குப் பல கடைகளில் அடித்த முட்டையைத் தடவித்தான் அடுப்பில் வைக்கிறார்கள். காய்கறி பப்ஸும் முட்டை பப்ஸும் ஒரே தட்டில் அடுக்கியிருக்கும். எக்லெஸ் கேக் என்று கேட்டு வாங்கினாலும், மாவு அடித்த எந்திரமும் வெட்டிய கத்தியும் மற்றக் கேக்கினுடையதாக இருக்கலாம். விருதுநகர் என்றால் எண்ணெய்ப் பரோட்டா. மாவு மிருதுவாக வர வேண்டும் என்று பிசையும்போதே முட்டை ஊற்றும் கடைகள் உண்டு. ஓட்டல் தோசையைச் சுட்ட கல்லில் அதற்கு முன் ஆம்லெட் போட்டிருப்பார்கள். கடையில் விசாரிக்கும்போது “இதுல முட்டை இருக்கா?” என்பதோடு நிறுத்தாமல், “மேலே தடவினீங்களா? எந்தக் கல்லில் போட்டீங்க?” என்றும் கேட்க வேண்டும்.

நம் பக்கத்துப் பழைய பண்டங்களில் முட்டைக்கு வேலை இல்லை. இட்லி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, கேப்பைக் கூழ், அங்கன்வாடியில் தரும் சத்துமாவு எதிலும் முட்டை கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் பாலும் சர்க்கரையும்தான். சாத்தூர் காராச்சேவில் கடலைமாவும் மிளகாயும். ஆனால் முட்டை இல்லை என்பதாலேயே ஒரு பண்டம் சின்னக் குழந்தைக்கு ஏற்றதாகிவிடாது. காராச்சேவு, கடலைமிட்டாய், முழு நிலக்கடலை, முழுக் கொண்டைக்கடலைச் சுண்டல் ஆகியவை இரண்டரை வயதுக் குழந்தையின் மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அலர்ஜிக்குப் பயந்து புரை ஏறும் ஆபத்தைக் கையில் கொடுத்துவிடக் கூடாது.

நம் தாய் டப்பாவில் வைப்பது இப்படி இருக்கலாம்: ஒரு நாள் சத்துமாவுக் கொழுக்கட்டை, ஒரு நாள் குழைய வேகவைத்து மசித்த பாசிப்பயறும் வெல்லமும், ஒரு நாள் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஒரு நாள் நெய் தடவிய இட்லி, எந்த நாளும் வாழைப்பழம். முட்டை போடும் மூன்று நாளும் அந்தப் புரதத்தை ஈடுகட்ட வேண்டும். ஒரு முட்டையின் 6 கிராம் புரதம் ஏறத்தாழ 200 மில்லி பாலிலும் இருக்கிறது. 25 கிராம் பருப்பிலும் இருக்கிறது. பிறந்தநாள் கேக் வரும் நாளில் குழந்தை ஏங்காமல் இருக்க, மூடிய டப்பாவில் கொஞ்சம் பால்கோவாவை அங்கேயே கொடுத்து வைத்துவிடலாம்.

நான்காம் பத்தி: என்ன தெரிந்தால் என்ன செய்வது?

“தோலில் தடிப்பு மட்டும் வந்தால் டாக்டர் எழுதிய மருந்தை அவர் சொன்ன அளவில் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பாருங்கள். இருமல், இழுப்பு, குரல் மாற்றம், திரும்பத் திரும்ப வாந்தி, திடீரென்று துவண்டு போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் ஊசி போடவும் இந்தக் கடிதமே என் சம்மதம். அதற்குப் பிறகு கம்பெனி ஆபீஸ் எண்ணுக்கும் அவள் ஆச்சிக்கும் சொல்லுங்கள்.”

பட்டாசுத் தொழில் செய்யும் ஊர்களுக்கு இந்தப் பத்தி மிக அவசியம். வெடிமருந்து புழங்கும் இடத்தில் கைபேசிக்கு அனுமதி இல்லை. ஆசிரியை எத்தனை முறை அழைத்தாலும் அந்தத் தாயின் போன் எடுக்கப்படாது. அலர்ஜியின் தீவிர வடிவம் ஒரு குழந்தையை முடக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமோ நிமிடக் கணக்கு. சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட்டால், போன் எடுக்காததால் வீணாகும் நேரம் மிச்சமாகும். யாரை முதலில் அழைப்பது என்ற வரிசையும் எழுத்தில் இருக்க வேண்டும்: முதலில் 108, பிறகு வீடு.

தடிப்பை எப்படி இனம் காண்பது? இந்த வெயிலில் வேர்க்குருவும் கொசுக்கடியும் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. வேர்க்குரு கழுத்திலும் முதுகிலும் சிறு பொரிகளாக மெல்ல வரும். கொசுக்கடி ஆடை மூடாத இடத்தில் ஒன்றிரண்டாகத் தெரியும். அலர்ஜித் தடிப்பு சாப்பிட்ட சில நிமிடங்களில் பட்டை பட்டையாக மேலெழும். வாயைச் சுற்றியோ முகத்திலோ தொடங்கி, இடம் மாறி மாறிப் பரவும். கூடவே உதடோ இமையோ உப்பும். உண்ட நேரத்தையும் தடிப்பு தெரிந்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

தோலோடு நிற்காமல் மூச்சையோ ரத்த ஓட்டத்தையோ தொட்டுவிட்டால் அதற்கு அனாஃபிலாக்ஸிஸ் என்று பெயர். இந்த வயதுக் குழந்தைக்கு “தொண்டை அடைக்குது” என்று சொல்லத் தெரியாது. நாக்கைத் தேய்க்கும், காதைப் பிடித்து இழுக்கும், அழுகுரல் கரகரக்கும். ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பேச்சுமூச்சில்லாமல் மடியில் சாய்ந்துகொள்ளும். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கம் என்று அதைத் தட்டிக் கழிப்பதே பெரிய தவறு. சில குழந்தைகளுக்குத் தடிப்பே வராமல் மூச்சு மட்டும் திணறலாம். முன்பே இழுப்பு உள்ள குழந்தையென்றால் ஆபத்து கூடுதல்; கடிதத்தில் அதையும் எழுத வேண்டும்.

அனாஃபிலாக்ஸிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றுதான். விரியும் ரத்தக் குழாய்களை அது இறுக்கி, ரத்த அழுத்தத்தைத் தூக்கி, மூச்சுக்குழாயைத் திறக்கிறது. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். அளவு ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம், 12 கிலோ குழந்தைக்கு 0.12 மில்லிகிராம். தானாகப் போட்டுக்கொள்ளும் பேனா வடிவ ஊசி வெளிநாடுகளில் பழக்கம். நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. முன்பு கடும் எதிர்வினை வந்த குழந்தைக்கு, அளவெடுத்த ஊசியை மருத்துவர் கொடுத்து, போடும் முறையைப் பெற்றோருக்கும் காப்பாளருக்கும் செய்து காட்டலாம். அந்தப் பயிற்சி இல்லாதபோது வேகமாக ஆஸ்பத்திரிக்குப் போவது ஒன்றே வழி. சூலக்கரையிலிருந்து விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சில கிலோமீட்டர்தான்.

செட்டிரிசின் போன்ற அலர்ஜி மருந்து ஹிஸ்டமினை மட்டும் தடுக்கிறது. அரிப்பும் தடிப்பும் அடங்கும். அடைக்கும் மூச்சு திறக்காது, இறங்கும் ரத்த அழுத்தம் ஏறாது. மருந்து ஊற்றிவிட்டு, கேட்கிறதா பார்ப்போம் என்று உட்கார்ந்திருப்பதில்தான் நேரம் போய்விடுகிறது. வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும், ஓமத் தண்ணீர் புகட்டுவதும் கூடாது, புரை ஏறும். குழந்தையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சு திணறினால் மடியில் சாய்வாக உட்கார வைக்கலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். துவண்ட குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு ஓடினால் தலைக்குப் போகும் ரத்தம் மேலும் குறையும். ஊசி போட்டுத் தெளிந்த பிறகும் சில மணி நேரம் கழித்து எதிர்வினை திரும்பக்கூடும். ஆகவே மருத்துவமனையில் இருக்கச் சொல்லும் நேரம் முழுவதும் இருந்துவிட்டே வீட்டுக்கு வர வேண்டும்.

கடிதத்துக்கும் காலாவதி உண்டு

கடிதத்தின் மேல் தேதி போட வேண்டும். முட்டை அலர்ஜி உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் வளர வளர அதிலிருந்து விடுபடுகிறார்கள். பலர் பள்ளிக்கூடம் சேரும் வயதுக்குள்ளேயே முட்டையைத் தின்னத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டரை வயதில் எழுதிய கடிதத்தை எட்டு வயதுவரை அப்படியே வைத்திருந்தால், தின்னக்கூடிய முட்டையை ஒரு குழந்தை காரணமின்றி இழக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்வதற்கேற்ப கடிதத்தைப் புதிதாக எழுத வேண்டும். எடை கூடினால் மருந்தின் அளவும் மாறும்.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முட்டை ஆகாது என்பதற்காகத் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசியைத் தள்ளிப்போடும் பெற்றோர் இருக்கிறார்கள். முட்டை அலர்ஜி உள்ள குழந்தைக்கும் அந்த ஊசி பாதுகாப்பானது. தட்டம்மைதான் ஆபத்து.

வேலைக்குப் போகும் தாய்மாரே, கடிதத்தை எழுதி டீச்சரிடம் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. சமையலம்மாவும் ஆயாம்மாவும் இருக்கும்போது அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். குழந்தையின் படத்தை ஒட்டிய ஒரு நகலைச் சமையலறைச் சுவரில், பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே மாட்டச் சொல்லுங்கள். புதிதாக ஆயாம்மா வந்தால் மறுபடியும் படித்துக் காட்டுங்கள். அங்கன்வாடிப் பணியாளர்களே, இப்படி ஒரு கடிதம் உங்கள் கைக்கு வராவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். சேர்க்கையன்று “பிள்ளைக்கு எது ஆகாது? தின்றால் என்ன ஆகும்? உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் நாங்கள் என்ன செய்யலாம்?” என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துவிட்டால், ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அன்றே முடிந்துவிடும்.